AᵀA சொல்லும் தரமும் svd சொல்லும் தரமும் ஏன் வேறுபடுகின்றன?

பாபநாசம், சேர்வலாறு அணைகளின் நீர்மட்டத்தை இரண்டு நிரலா வச்சேன். சுரங்கத்தால இணைஞ்ச அணைங்க, ரெண்டும் சேர்ந்தேதான் ஏறி இறங்குது. தரம் பார்க்க AᵀA போதாதா, svd எதுக்கு?

போதாது. கொஞ்சம் மிகைப்படுத்திப் பார்ப்போம்: நிரல்கள் (1, e, 0), (1, 0, e); e = 10⁻⁹. AᵀA-இன் மூலைவிட்டத்தில் 1 + 10⁻¹⁸ வர வேண்டும். இரட்டைத் துல்லியம் தாங்குவது ஏறத்தாழ 16 இலக்கம்தான், அதனால் வெறும் 1 ஆகிவிடும். நான்கு உறுப்பும் 1. தரமும் 1 என்று வரும். பெருக்கியபோதே தகவல் போய்விட்டது, அப்புறம் எதைச் செய்தும் மீளாது.

svd அந்தப் பெருக்கலையே செய்வதில்லை. 1965-இல் கோலபும் கஹானும் காட்டிய வழியில், ஹவுஸ்ஹோல்டர் பிரதிபலிப்பால் இடப்பக்கம் ஒரு நிரலையும் வலப்பக்கம் ஒரு நிரையையும் மாறிமாறிச் சுழியாக்கி, A-யை இருமூலைவிட்ட அணியாக்குகிறது. பிரதிபலிப்பு நீளத்தை மாற்றாது, எனவே சிங்குலர் மதிப்புகளும் மாறா. இங்கே நிரல் இரண்டுதான், வலப்பக்க வேலை இல்லை. கிடைப்பது:

```
1   1
0   1.414e-9
```

இதன் சிங்குலர் மதிப்புகள் ஏறத்தாழ 1.414, 10⁻⁹. தரம் 2, ஆனால் கண்டிஷன் எண் 1.4 × 10⁹. அதாவது தரவில் உள்ள பிழை விடையில் அத்தனை மடங்கு வரை பெருகலாம்.

உங்கள் அளவீட்டில் இரண்டாவது மதிப்பு, அளவுகோல் பிழை அணிக்குள் கொண்டுவரும் அளவைவிடச் சிறியதா என்று பாருங்கள். சிறியதென்றால், தரம் 2 என்று svd சொன்னாலும் நடைமுறையில் தரம் 1தான். `matrix_rank`-க்கு `tol` நீங்களே கொடுங்கள். அதன் இயல்பு வரம்பு கணினியின் உருட்டல் பிழையை மட்டுமே அறியும்.