இடது மேலறையில் உறையும் ரத்தம், மூளையில் அடைபடும் தமனி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்க அம்மைக்கு வயசு 68, எடை 48 கிலோ. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறாங்க. போன வாரம் பீடி சுத்திக்கிட்டு இருக்கும்போதே வலது கை அப்படியே தொங்கிட்டு, பேச்சும் குழறிட்டு. இருபது நிமிஷத்துல எல்லாம் சரியாயிட்டு. இ.சி.ஜி.யில் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று சொல்லி ஆஸ்பிரின் கொடுத்திருக்கிறார்கள். எக்கோவில் ரத்தக்கட்டி எதுவும் இல்லையாம். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? (ஆலங்குளம்)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இருபது நிமிடத்தில் சரியானது என்பதால் இது சின்ன விஷயம் ஆகிவிடாது. அடுத்த பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து, இப்படி ஒரு தற்காலிக அடைப்புக்குப் பின் வரும் சில நாட்களில்தான் மிக அதிகம். இந்தப் பதிலைப் படித்ததும் அம்மாவை நரம்பியல் மருத்துவரோ இதய மருத்துவரோ இருக்கும் மருத்துவமனைக்கு இன்றே அழைத்துச் செல்லுங்கள்.

கட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். இதயத்தின் இடது மேலறையோடு ஒட்டி, விரல் பருமனில் ஒரு சிறு பை தொங்குகிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்கும்வரை இந்தப் பையும் சேர்ந்து சுருங்கி உள்ளே இருக்கும் ரத்தத்தை வெளியே தள்ளிவிடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறையின் மின்துடிப்பு நிமிடத்துக்கு 350-க்கு மேல் தாறுமாறாகப் போகிறது. அந்த வேகத்தில் தசை சுருங்குவதில்லை, நடுங்க மட்டுமே செய்கிறது. பாளையங்கால்வாயில் ஓட்டம் இருக்கும் இடத்தில் ஆகாயத்தாமரை நிலைப்பதில்லை, ஒதுங்கிய மூலையில்தான் சேர்கிறது. அதே கதைதான் இங்கேயும். பையின் உட்சுவரில் தசை வரிவரியாக மடிந்திருக்கும். அந்த மடிப்புகளுக்குள் ரத்தம் தேங்குகிறது, ஃபைப்ரின் என்ற நார்ப்புரதம் வலைபோலப் பின்னுகிறது, சிவப்பணுக்கள் அதில் சிக்கிக் கட்டியாகின்றன. வால்வுக் கோளாறு இல்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில், இடது மேலறையில் உருவாகும் கட்டிகளில் பத்தில் ஒன்பது இந்தப் பையில்தான் இருக்கின்றன.

மார்பின் மேல் கருவியை வைத்து எடுக்கும் சாதாரண எக்கோவுக்கு இந்தப் பை சரியாகத் தெரியாது. உணவுக்குழாய் வழியாகக் குழாயை விட்டு எடுக்கும் எக்கோவில்தான் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் உணவுக்குழாய் இடது மேலறைக்கு நேர் பின்னால் ஓடுகிறது. அந்த எக்கோவில் ரத்தம் புகைபோலச் சுழல்வதையும், பையில் ஓட்டத்தின் வேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டருக்குக் கீழே போய்விட்டதையும் பார்க்க முடியும். அந்த நிலையில் கட்டி சேர வாய்ப்பு அதிகம். ஆகவே 'எக்கோவில் ஒன்றும் இல்லை' என்பதற்கு 'பையில் கட்டி இல்லை' என்று பொருள் கொள்ளாதீர்கள். பார்த்தபோது கட்டி இல்லாமல் இருந்தாலும் நாளை சேரலாம்.

பையிலிருந்து பிய்ந்த துண்டு இடது கீழறைக்குப் போய், பெருந்தமனியில் ஏறி, கழுத்துத் தமனி வழியாக மூளைக்குப் போகிறது. ரத்தம் அதிகமாகப் பாயும் பாதை நடு மூளைத் தமனி. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் குழாயிலோ அதன் கிளையிலோ துண்டு சிக்கிக்கொள்கிறது. இடது மூளையில் சிக்கினால் வலது கை, முகம், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போகும். உங்கள் அம்மாவுக்கு நடந்தது அதுதான். துண்டு சிறியதாக இருந்து, உடம்பே அதைக் கரைத்துவிட்டதால் கை திரும்பி வந்தது. கை கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப் போகாமல் ஒரே கணத்தில் முழுதாக விழுந்ததும் எங்கிருந்தோ வந்து அடைத்த துண்டின் அடையாளம்.

இனி மருந்து. பக்கவாத ஆபத்தை மதிப்பிட மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். வயது 65 முதல் 74-க்குள் என்பதற்கு 1, ரத்த அழுத்தத்துக்கு 1, ஏற்கெனவே வந்த தற்காலிக பக்கவாதத்துக்கு 2, ஆக மொத்தம் 4. பழைய முறையில் பெண் என்பதற்கு இன்னும் 1 சேர்ப்பார்கள். 2 வந்தாலே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தேவை என்பதுதான் விதி.

அந்த இடத்தை ஆஸ்பிரினால் நிரப்ப முடியாது. தமனிச் சுவரில் கொழுப்புப் படலம் வெடித்த இடத்தில் தட்டணுக்கள் ஒட்டுவதை அது தடுக்கும். தேங்கிய ரத்தத்தில் ஃபைப்ரின் பின்னுவதைத் தடுக்க அதற்கு வலுவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மருந்தான வார்ஃபரின் கொடுக்க முடியாதவர்களிடம், ஆஸ்பிரினையும் அதே வேலைக்கான புதிய மருந்து எபிக்ஸபானையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2011-ல் வெளிவந்தது. அதில் ஆஸ்பிரின் குழுவில் ஆண்டுக்கு 3.7 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ வேறு உறுப்பில் கட்டி அடைப்போ வந்தது. எபிக்ஸபான் குழுவில் 1.6 சதவீதம்தான். கடுமையான ரத்தக்கசிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 'வயசானவங்களுக்கு ஆஸ்பிரின்தான் பாதுகாப்பு' என்ற பழக்கத்தை இனியாவது விட வேண்டும்.

அளவிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. எபிக்ஸபானின் முழு அளவு 5 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. வயது 80 அல்லது அதிகம், எடை 60 கிலோ அல்லது குறைவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.5 அல்லது அதிகம் என்ற மூன்றில் இரண்டு இருந்தால் மட்டுமே அது 2.5 ஆகக் குறையும். உங்கள் அம்மாவுக்கு எடை ஒன்றுதான் பொருந்துகிறது. கிரியேட்டினின் பரிசோதித்து அது 1.5-க்குக் கீழே இருந்தால் முழு அளவுதான். 'ஒல்லியான உடம்பு, பாதி போதும்' என்று குறைத்துவிட்டால் கட்டியைத் தடுக்காது. சி.டி. ஸ்கேனில் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியானால் மருந்தை விரைவிலேயே தொடங்குவார்கள். அதுவரை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

எனக்குப் படபடப்பு எப்போதாவதுதான் வரும். போன மாதம் ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்தார்கள். இப்போது நாடி ஒழுங்காக இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்தலாமா? வயது 71, சர்க்கரை உண்டு. (அம்பாசமுத்திரம்)

நிறுத்தாதீர்கள். ஷாக் கொடுத்தவுடன் மின்துடிப்பு ஒழுங்காகிவிடும், ஆனால் மேலறைத் தசை பல நாட்கள், சில சமயம் சில வாரங்கள் சோர்ந்தே கிடக்கும். அந்தப் பையில் ஓட்டம் முன்னைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். பிறகு தசை உயிர்பெற்றுச் சுருங்கத் தொடங்கும்போது, உள்ளே சேர்ந்த கட்டி வெளியே தள்ளப்படுகிறது. அதனால்தான் ஷாக்குக்கு முன் 3 வாரம், பின் குறைந்தது 4 வாரம் மருந்து கட்டாயம் என்கிறோம்.

4 வாரம் முடிந்த பிறகும் உங்களுக்குத் தேவைப்படும். வயதுக்கு 1, சர்க்கரைக்கு 1 என்று மதிப்பெண் 2 ஆகிவிட்டது. வந்து வந்து போகும் வகையிலும் பக்கவாதம் வருகிறது. அதோடு படபடப்பே தெரியாமல், தூக்கத்தில் வந்து போகும் நேரங்களும் உண்டு. நீங்கள் உணர்வதை வைத்து இதைக் கணக்கிட முடியாது.

எனக்கு 34 வயது. சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உண்டு. அசினோகூமரால் சாப்பிடுகிறேன். மாதாமாதம் ஐ.என்.ஆர். பார்க்க அலைய வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி சாப்பிடும் புது மாத்திரைக்கு மாறலாமா? முருங்கைக்கீரை சாப்பிடக் கூடாதா? (சங்கரன்கோவில்)

மாறாதீர்கள். அண்ணாச்சிக்கு வால்வு நன்றாக இருக்கும், உங்களுக்குச் சுருங்கியிருக்கிறது. வாசல் குறுகியதால் மேலறை பெருத்து, பையில் மட்டுமின்றி அறைக்குள்ளேயும் ரத்தம் தேங்குகிறது. ருமாட்டிக் வால்வு நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ளவர்களிடம் புது மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்ஸபானையும் வார்ஃபரின் வகை மருந்துகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வந்தது. பழைய மருந்து சாப்பிட்டவர்களில்தான் உயிரிழப்பு குறைவு. அசினோகூமரால் அந்தப் பழைய வகைதான். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

முருங்கைக்கீரை சாப்பிடலாம். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும், ஆகவே வாரா வாரம் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிடுங்கள். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால்தான் ஐ.என்.ஆர். ஊசலாடும். கருத்தரிக்க நினைத்தால் அதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த மருந்து முதல் மூன்று மாதங்களில் கருவைப் பாதிக்கக்கூடியது.

எபிக்ஸபான் சாப்பிடுகிறவர் முட்டுவலிக்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா? பல் பிடுங்கலாமா? (களக்காடு)

மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகைகள் வேண்டாம். அவை வயிற்றில் புண் உண்டாக்கும், இந்த மருந்தோடு சேர்ந்தால் அந்தப் புண் கசியும். மலம் தார்போலக் கறுத்துப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முட்டுவலிக்குப் பாராசிட்டமால் போதும். ஒன்றிரண்டு பல் பிடுங்கப் பெரும்பாலும் மருந்தை நிறுத்தத் தேவையில்லை. பல் மருத்துவரிடம் முன்கூட்டியே மருந்தின் பெயரையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? (தென்காசி)

ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பின், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் மூன்று விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் பாருங்கள். எண்ணிக்கையைவிட இடைவெளியைக் கவனியுங்கள். காலால் தாளம் போட முயன்று பாருங்கள். எப்போதாவது ஒரு துடிப்பு தவறி மற்றபடி தாளம் நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் வேறு வகை. எந்த இரண்டு இடைவெளியும் ஒன்றுபோல் இல்லாமல் தாளமே பிடிபடவில்லை என்றால் அன்றே இ.சி.ஜி. எடுங்கள், ஏனென்றால் துடிப்பு மாறியிருக்கும்போது எடுத்தால்தான் பதிவாகும்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடும்போதே பக்கவாதம் வந்தால் என்ன செய்வது? ஒரு வேளை மறந்தால்? (வள்ளியூர்)

மருந்து ஆபத்தைப் பெரிதும் குறைக்கும், முழுதாக நீக்காது. வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள். கடைசியாக எந்த நேரம் வரை நன்றாக இருந்தார் என்று குறித்து வையுங்கள். காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால், இரவு படுத்த நேரம்தான் கணக்கு. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம்தான் அவகாசம். மாத்திரை அட்டையையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் கையோடு கொண்டு போங்கள். எபிக்ஸபான் போன்றவற்றைக் கடந்த 48 மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருந்தால் அந்த ஊசியைப் பொதுவாகப் போடமாட்டார்கள். அப்போது, பெரிய தமனி அடைபட்டிருந்தால் தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் வழி உண்டு, அதற்கு ஆறு மணி நேரம் வரையும், ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளை இருப்பது தெரிந்தால் 24 மணி நேரம் வரையும் முயல்வார்கள். ஆகவே அருகில் எது என்று பார்ப்பதோடு, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டு போகச் சொல்லுங்கள். வாயில் தண்ணீரோ ஆஸ்பிரினோ கொடுக்காதீர்கள். விழுங்க முடியாதவருக்குப் புரையேறும். அடைப்பா, கசிவா என்பதும் ஸ்கேனுக்கு முன் யாருக்கும் தெரியாது.

எபிக்ஸபானை மறந்தால், சாப்பிட வேண்டிய நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே சாப்பிடுங்கள். அதைத் தாண்டிவிட்டால் அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்ததை உரிய நேரத்தில் சாப்பிடுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்க வேண்டாம். இந்த மருந்தின் வேலை ஒரு நாளுக்குள் பெருமளவு அடங்கிவிடும். ஊர்க் கொடைக்குப் போன இடத்தில் இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் இருந்தால் மேலறையின் அந்தப் பையில் மறுபடி கட்டி சேர அது போதும், எனவே பயணப் பையில் ஓர் அட்டை கூடுதலாக இருக்கட்டும்.