டை போட்டு எடுக்கும் சிடி ஸ்கேனும் அம்மாவின் கிரியேட்டினினும்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு, பாம்பன்ல இருக்காங்க. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறாங்க. வயித்துக்கு டை போட்டு சிடி எடுக்கச் சொல்லியிருக்காங்க. கிரியேட்டினின் 1.4. கிட்னி போயிடுமா? இறால் சாப்பிட்டா உடம்பு தடிக்கும், அதனால இன்னும் பயமா இருக்கு.

பதில்:

பெரும்பாலும் பயமில்லாமல் எடுக்கலாம். ஆனால் 1.4 என்ற எண்ணை மட்டும் பார்த்து யாரும் முடிவு சொல்ல முடியாது. ராமநாதபுரத்தில் ஸ்கேன் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். டை என்பது படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் மருந்து. அதைப் போடலாமா என்று முடிவு செய்வது டாக்டர்தான். அவர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார் என்பதைச் சொல்கிறேன்.

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு. முப்பது வயதில் வலை இழுக்கிற ஆளுக்குத் தசை அதிகம். அம்மா வயதில் குறைவு. அதனால் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஈஜிஎஃப்ஆர் என்று ஒரு கணக்குப் போடுவார்கள். கிட்னி எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதற்கான மதிப்பீடு அது. அதே 1.4 முப்பது வயது ஆணுக்கு 69 வரும். உங்கள் அம்மாவுக்கு ஏறக்குறைய 41. லேப் ரிப்போர்ட்டில் இது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் முக்கியமாகப் பார்க்கும் கோடு 30. அதற்குக் கீழே இருந்தாலோ, சில நாட்களுக்குள் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போனாலோ, டை இல்லாமல் எடுக்க முடியுமா என்று டாக்டர் யோசிப்பார். டை அவசியம்தான் என்றால் முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவார்கள். 41-இல், கை நரம்பு வழியாகப் போடும் டையால் கிட்னி பாதிக்க வாய்ப்பு குறைவு. ரிப்போர்ட் ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். அதற்குப் பிறகு வாந்தி, பேதி, காய்ச்சல் வந்திருந்தால் மறுபடி எடுங்கள்.

41 இருக்கும் கிட்னியைச் சிரமப்படுத்துவது, டையைவிடப் பல நேரம் அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள்தான். பாசி எடுக்கப் போகிற ஓர் அம்மா ஸ்கேனுக்கு வந்திருந்தார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். முட்டி வலிக்கு என்ன செய்வீங்க என்றதும் சுருக்குப்பையிலிருந்து பாதி தீர்ந்த அட்டையை எடுத்தார், டைக்ளோஃபினாக். "இது வலி மாத்திரைதானே தம்பி, இதையும் சொல்லணுமா?" என்றார். கட்டாயம் சொல்ல வேண்டும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். அதோடு வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்து, அதன்மேல் டையும் ஏறினால் மூன்றும் சேர்ந்துகொள்ளும். கடையில் வாங்கிய வலி மாத்திரையை ஸ்கேனுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். சாப்பாடு சில மணி நேரம் வேண்டாம் என்பார்கள். தண்ணீரும் வேண்டாமா என்று தனியாகக் கேளுங்கள். பல இடங்களில் தண்ணீர் குடிக்கலாம். இதயக் கோளாறால் தண்ணீரை அளந்து குடிப்பவர் என்றால் மட்டும் டாக்டர் சொன்ன அளவுதான்.

சர்க்கரை மாத்திரை அட்டையில் மெட்ஃபார்மின் என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரையிலும் இருக்கும். அது கிட்னியைக் கெடுக்காது. கிட்னி தளர்ந்தால் அது வெளியேறாமல் தேங்கி, ரத்தத்தில் அமிலம் கூடிவிடும். 30-க்குக் கீழே என்றால் ஸ்கேன் அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியேட்டினின் பார்த்துவிட்டுத்தான் மறுபடி தொடங்குவார்கள். 41-இல் சில டாக்டர்கள் நிறுத்துவார்கள், சிலர் தொடரச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் சொல்வதைச் செய்யுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுக்கலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள், சர்க்கரை இறங்கிவிடும்.

இறால் பயத்தை விட்டுவிடுங்கள். நம் கரையில் இதைக் கேட்காத குடும்பம் குறைவு. இறாலுக்குத் தடிப்பது அதிலுள்ள புரதத்தால். டையில் அயோடின் இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன்பு எப்போதாவது ஸ்கேன் டையோ ஆஞ்சியோ டையோ போட்டபோது தடிப்பு, மூச்சுத் திணறல் வந்ததா என்பதுதான் கேள்வி. வந்திருந்தால், ஆஸ்துமா இருந்தாலும், படுக்கும் முன்பே சொல்லுங்கள்.

டை ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோக ருசி வரும், சிறுநீர் போய்விட்டது போல் இருக்கும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரியாதவர்கள் பயந்து அசைந்துவிடுவார்கள், படம் கெடும். தொண்டை இறுகினாலோ, அரிப்பு எடுத்தாலோ, ஊசி போட்ட கை வீங்கி வலித்தாலோ உடனே குரல் கொடுக்கச் சொல்லுங்கள், நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்போம். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வையுங்கள். பாம்பனுக்குப் பஸ் பிடிக்க அவசரப்பட வேண்டாம்.

வீட்டுக்குப் போன பின் சிறுநீர் குறைகிறதா, கால் வீங்குகிறதா என்று கவனியுங்கள். இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் கிரியேட்டினின் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 1.4 அப்படியே இருந்தால் நல்லது. 1.7-ஐத் தொட்டிருந்தால் அன்றே அவரிடம் காட்டுங்கள்.