பழைய கிட்டார், டிரம்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் புதிய கன்சோலில் இணைப்பது: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் பிளேஸ்டேஷன் 3 காலத்து ராக் பேண்ட் கிட்டார் அதன் யூஎஸ்பி ரிசீவரான டாங்கிளோடு இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5இல் சொருகினால் முகப்புத் திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. புளூடூத் பட்டியலிலும் வரவில்லை. ஏதாவது அடாப்டர் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்தக் கிட்டார் புளூடூத் கருவி அல்ல, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தன் டாங்கிளோடு மட்டுமே பேசும். ஆகவே புளூடூத் பட்டியலில் அது ஒருபோதும் வராது. முகப்புத் திரையும் அதைக் கண்டுகொள்ளாது. டாங்கிளை நேரடியாகப் படித்துப் புரிந்துகொள்வது ராக் பேண்ட் 4 என்ற விளையாட்டுதான். அது 2015இல் பிளேஸ்டேஷன் 4க்காக வந்த விளையாட்டு என்றாலும் பிளேஸ்டேஷன் 5இலும் ஓடும்.

கன்சோலின் சொந்தக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கொண்டு விளையாட்டைத் திறந்து, அதன் முதன்மைப் பட்டியல் வரும்வரை சென்றுவிடுங்கள். பிறகு டாங்கிளைச் சொருகி, கிட்டாரின் நடுப்பொத்தானை அழுத்துங்கள். இணைப்பு தேடும்போது மினுக்கும் விளக்கு நிலையாக எரியத் தொடங்கினால், கிட்டாரும் டாங்கிளும் சேர்ந்துவிட்டன என்று பொருள். அதற்குப் பிறகும் விளையாட்டு கிட்டாரைக் காணவில்லை என்றால், கோளாறு ரேடியோவில் இல்லை. டாங்கிள் யூஎஸ்பி வழியாகத் தன்னை என்னவென்று அறிவிக்கிறது என்பதில் இருக்கிறது.

கேள்வி: பழைய பொருள் விற்பவரிடம் ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ், இரண்டு டாங்கிள்கள் வாங்கினேன். எல்லாமே பிளேஸ்டேஷன் 3 ராக் பேண்ட். டிரம்ஸ் நன்றாக வேலை செய்கிறது. கிட்டாரின் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. பேட்டரியும் மாற்றிவிட்டேன்.

பதில்: கிட்டாரைக் குறை சொல்வதற்கு முன் டாங்கிள்களைச் சோதித்துவிடுங்கள். கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் தனித்தனி டாங்கிள் உண்டு. வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருப்பதால் விற்பவர்கள் கலந்து கொடுத்துவிடுகிறார்கள். டாங்கிளை ஒரு கணினியில் சொருகினால், கருவி பக்கத்தில் இல்லாவிட்டாலும் அது தன் அடையாள எண்ணைச் சொல்லிவிடும். லினக்ஸில் `lsusb` கட்டளை போதும். விண்டோஸில் சாதன மேலாளரைத் திறந்து, அந்தச் சாதனத்தின் வன்பொருள் அடையாளத்தைப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 3 ராக் பேண்ட் கிட்டார் டாங்கிள் இப்படிக் காட்டும்:

```
12ba:0200
```

டிரம்ஸ் டாங்கிள் என்றால் கடைசி நான்கு இலக்கங்கள் `0210` ஆக இருக்கும். இன்னொரு இசை விளையாட்டான கிட்டார் ஹீரோவின் கிட்டாருக்கு `0100`, அதன் டிரம்ஸுக்கு `0120`.

அதே உறுப்பினர்: பார்த்துவிட்டேன். இரண்டிலும் `0210` வருகிறது.

பதில்: அப்படியானால் உங்களிடம் இருப்பவை இரண்டும் டிரம்ஸ் டாங்கிள்கள். கிட்டார் பழுதாகவில்லை, தன் துணையைத் தேடித்தான் மினுக்குகிறது. கிட்டாரின் பின்புறத்திலும் பேட்டரி மூடிக்கு அருகிலும் மாதிரி எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதே மாதிரிக்கு உரிய கிட்டார் டாங்கிளைத்தான் தேட வேண்டும். "பிளேஸ்டேஷன் 3 கிட்டார் டாங்கிள்" என்று மட்டும் எழுதி விற்கப்படுவதை வாங்காதீர்கள். கிட்டார் ஹீரோ டாங்கிள் ராக் பேண்ட் கிட்டாரோடு சேராது. டாங்கிள் தொலைந்த கிட்டாரைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தயங்கியே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டாங்கிளைத் தனியாகத் தேடிப் பிடிப்பது பெரும்பாலும் கிட்டாரைத் தேடுவதை விடக் கடினம்.

கேள்வி: இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ்தானே? அப்படியானால் என் எக்ஸ்பாக்ஸ் 360 கிட்டாரைப் பிளேஸ்டேஷன் டாங்கிளோடு இணைக்கலாம் அல்லவா?

பதில்: அலைவரிசையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அலைவரிசை ஒன்றாக இருப்பதால் அவை பேசும் மொழி ஒன்றாகிவிடாது. எக்ஸ்பாக்ஸ் 360 கம்பியில்லாக் கருவிகள் மைக்ரோசாஃப்ட்டின் தனி முறையில் பேசுபவை. அவற்றை எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ராக் பேண்ட் 4 விளையாடப் பயன்படுத்துவதற்கென்றே மேட் காட்ஸ் நிறுவனத்தின் லெகசி அடாப்டர் வந்தது. அது கம்பியில்லாக் கருவிகளுக்கு மட்டுமே உதவும். முதல் ராக் பேண்ட் தொகுப்போடு எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த கம்பியுள்ள கிட்டாரை வைத்துக்கொண்டு இந்த அடாப்டரை வாங்கினால் பணம்தான் வீணாகும்.

கேள்வி: பாட்டின் நடுவே டிரம்ஸ் அடிகள் விடுபடுகின்றன. டாங்கிள் கன்சோலின் பின்புறம் இருக்கிறது. நடுவில் தொலைக்காட்சி இருப்பதுதான் காரணமா?

பதில்: முதலில் எந்த அடிகள் விடுபடுகின்றன என்று கவனியுங்கள். எல்லா நிறங்களும் ஒரே கணத்தில் விடுபட்டுப் பிறகு ஒன்றாகத் திரும்பினால் அது ரேடியோக் கோளாறு. ஒரே ஒரு நிறம் மட்டும் விடுபட்டால் அந்தத் தட்டின் உணரியையோ அதன் கம்பியையோ பார்க்க வேண்டும். மிதி மட்டும் விடுபட்டால், அதன் 3.5 மில்லிமீட்டர் பிளக் துளையில் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மிதியின் காந்தமும் சுவிட்சும் விலகியிருக்கின்றனவா என்று சோதியுங்கள். எந்த வகைக் கோளாறு என்று பிரித்தறியாமல் டாங்கிளை மாற்றுபவர்களைத்தான் அதிகம் காண்கிறேன்.

ரேடியோக் கோளாறு என்று உறுதியானால், தொலைக்காட்சியோடு இன்னொரு காரணத்தையும் சந்தேகியுங்கள். யூஎஸ்பி 3 வேகத்தில் இயங்கும் இணைப்புகளும் அவற்றில் சொருகிய வெளிவட்டுகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சலைக் கிளப்பும். பிளேஸ்டேஷன் 5இன் பின்புற இணைப்புகள் அந்த வேகத்தைச் சேர்ந்தவை. முதல் வடிவக் கன்சோலில் முன்புறம் உள்ள அகன்ற இணைப்பு யூஎஸ்பி 2 வேகத்தில் இயங்குவது. டாங்கிளுக்கு நல்ல இடம் அதுதான். மெலிந்த வடிவத்தில் முன்புறம் இரண்டும் சி வகையாக இருப்பதால், பின்புறத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள யூஎஸ்பி 2 நீட்டிப்புக் கம்பியை இழுத்து, டாங்கிளைக் கருவிக்கு நேர்பார்வையில் வைத்துவிடுங்கள். மீள்மின்னேற்ற பேட்டரி போட்டிருந்தால் ஒரு முறை புதிய ஆல்கலைன் பேட்டரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பேட்டரிக்கு 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட் கிடைப்பது சில பழைய கருவிகளுக்குப் போதாது.

கேள்வி: அடாப்டர் வழியாக விளையாடினால் தாமதம் வருமே. அதனால்தான் என் நோட்டுகள் தவறுகின்றன என்று நினைக்கிறேன்.

பதில்: தாமதம் ஒரே அளவில் இருந்தால் விளையாட்டின் ஒத்திசைவுத் திருத்தம் அதைச் சரிசெய்துவிடும். தொலைக்காட்சியை முதலில் விளையாட்டு முறைக்கு மாற்றுங்கள். பிறகு அதே தொலைக்காட்சி, அதே ஒலிபெருக்கி, அதே அடாப்டர் இணைந்திருக்கும்போது திருத்தத்தைச் செய்யுங்கள். எப்போதும் முன்கூட்டியோ எப்போதும் பிந்தியோ தவறுகிறீர்கள் என்றால் திருத்தம் போதவில்லை. ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னும் தவறினால், அடாப்டர் சீரற்று அனுப்புகிறதா அல்லது கை பழக வேண்டுமா என்பதை அறிய, அடாப்டர் இல்லாத ஒரு கருவியில் அதே பாட்டை வாசித்து ஒப்பிட வேண்டும்.

கேள்வி: நிண்டெண்டோவின் வீ கன்சோலுக்கான ராக் பேண்ட் கிட்டார் என்னிடம் உள்ளது. இதற்கும் யூஎஸ்பி டாங்கிள் இருக்கிறது. கணினியில் `1bad:0004` என்று காட்டுகிறது. பிளேஸ்டேஷன் 5இல் நேராகச் சொருகலாமா?

பதில்: அந்த எண் வீ கிட்டாருக்கு உரியது. பிளேஸ்டேஷன் 3 கருவிகளின் எண்ணை எதிர்பார்க்கும் இடத்தில் அதை நேராகச் சொருகிப் பயனில்லை. ராஸ்பெர்ரி பை பைக்கோ போன்ற சிறு பலகையில் சான்ட்ரோலர் என்ற திறந்தமூல மென்பொருளை ஏற்றினால், அது ஒரு கருவியின் உள்ளீட்டைப் பெற்றுக்கொண்டு கன்சோலிடம் தன்னை வேறொரு கருவியாக அறிவிக்க முடியும். உங்கள் டாங்கிளை அதில் இணைத்து, முதலில் கணினியில் ஐந்து நிறப் பொத்தான்களும் மீட்டும் பட்டையும் வேமி நெம்பும் சரியாகப் பதிவாகின்றனவா என்று பாருங்கள். எது பதிவாகவில்லை என்று எழுதினால், கன்சோலில் சொருகுவதற்கு முன் சேர்ந்தே பார்க்கலாம்.