ஷட்டருக்குப் பின்னால் என்ன? புதுக்கடைக்காரர்களின் கேள்விகள்

தருமபுரி இலக்கியம்பட்டியில் மரச்செக்கு எண்ணெய்க் கடை போடுகிறோம். ஆவணியில் ஒரு வியாழக்கிழமை திறப்பு. அதற்கு முன் ஐந்து நாள், தினம் ஒரு வரி எழுதலாம் என்கிறான் மகன். எங்கே ஆரம்பிப்பது?

கடைசி வரியில் ஆரம்பியுங்கள். புதன்கிழமை என்ன சொல்லப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டால், அதிலிருந்து ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே சனிக்கிழமைக்குப் பின்னோக்கி வரலாம். முன்னாலிருந்து எழுதினால் மூன்றாம் நாளே சரக்கு தீர்ந்து, 'காத்திருங்கள்' என்று எழுதி ஒப்பேற்ற வேண்டியிருக்கும்.

உங்கள் கடைக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்.

சனி: "இன்று தலையில் என்ன வைத்தீர்கள்?"
ஞாயிறு: "தலைக்கு ஒன்று, தாளிக்க ஒன்று, தோசைக்கு ஒன்று."
திங்கள்: "மாடு இல்லை. ஆனாலும் மரம் சுற்றும்."
செவ்வாய்: "உங்கள் கடலையைக் கொண்டு வாருங்கள். கண்ணெதிரே ஆட்டித் தருகிறோம்."
புதன்: கடைப் பெயர், இடம், நாள், நேரம்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நாள் என்பதால்தான் அந்தக் கேள்வி சனியில் நிற்கிறது. அன்று ஹெல்மெட் கடை என்பார்கள், சலூன் என்பார்கள். ஞாயிறன்று அந்த இரண்டும் அடிபட்டுவிடும், எண்ணெய் என்று பாதிப் பேர் பிடித்துவிடுவார்கள். திங்கள்கிழமை விடுகதை வயதானவர்களுக்கானது. செக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள் விடையைச் சொல்லிவிட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கவும் செய்வார்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய நாள் யூகங்களில் சிலவற்றை அடித்துவிட வேண்டும். எதையும் அடிக்காத வரி வீண்.

செவ்வாய் வரியில் மட்டும் கவனம். சுமார் 2.5 கிலோ நிலக்கடலைப் பருப்புக்குத்தான் ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கும். அரைக் கிலோவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பினால் திறப்பு நாளிலேயே மனக்கசப்பு. உங்கள் செக்கு ஒரு தடவைக்குக் குறைந்தது எத்தனை கிலோ ஏற்கும் என்பதைப் புதன்கிழமை அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள்.

எங்கே எழுதுவது? ஃபிளெக்ஸ் வைக்கலாமா?

தினமும் மாறுகிற வரிக்கு ஃபிளெக்ஸ் தண்டச்செலவு. அதோடு உள்ளாட்சி அனுமதியும் வாங்க வேண்டும். மூடிய ஷட்டரில் ஒரு கரும்பலகையைத் தொங்கவிட்டு, பள்ளிப் பிள்ளைகள் கிளம்பும் முன் சாக்பீஸால் எழுதுங்கள். நேற்றைய வரியை அழிக்காமல் அதன் கீழேயே எழுதினால் புதிதாகப் பார்ப்பவரும் கதையைப் பிடித்துக்கொள்வார்.

கிருஷ்ணகிரியில் ஃபேன்சி ஸ்டோர். பத்து நாளாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "விரைவில்... உங்கள் பகுதியில்!" என்று போடுகிறேன். ஒருவரும் என்னவென்று கேட்கவில்லையே?

இதில் இரண்டு கோளாறு. முதலாவது, அந்த வரியை நகைக்கடையும் போடலாம், பல் டாக்டரும் போடலாம். யூகிக்க ஒரு பிடி இல்லாவிட்டால் யாரும் யூகிக்க மாட்டார்கள். "ஒரு ஜோடியில் ஒன்று தொலைந்தால் இனி கவலை இல்லை" என்று போட்டிருந்தால், கம்மலா செருப்பா என்று நாலு பேராவது கேட்டிருப்பார்கள். (ஒற்றைக் கம்மலை நிஜமாகவே விற்பீர்கள் என்றால் மட்டும் போடுங்கள்.)

இரண்டாவது, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் உங்கள் ஸ்டேட்டஸ் தெரியும். அப்படிப் பார்த்தால் உங்கள் வாசகர்கள் மாமாவும் சித்தப்பாவும்தான், அவர்களுக்குக் கடை விஷயம் ஏற்கெனவே தெரியும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்தும்விடும். தெருக்காரர்களைப் பிடிக்கத் தெருவில்தான் எழுத வேண்டும். பத்து நாளும் அதிகம். ஒரு சின்னக் கடைக்கு ஐந்து நாளுக்கு மேல் ஆர்வம் தாங்காது.

"காணவில்லை" என்று போஸ்டர் அடித்து, மறுநாள் "காணாமல் போன சுவை கிடைத்துவிட்டது" என்று போடலாமா?

வேண்டாம். முதல் போஸ்டரைப் பார்த்துப் பதறியவர் இரண்டாவதைப் பார்த்துச் சிரிக்க மாட்டார். பார்க்காமலே போகிறவர்களும் உண்டு.

பயமுறுத்தாவிட்டாலும் எதிர்பார்ப்பு பெரிதாகிவிடக் கூடாது. ஒரு பேக்கரிக்கு நான் "நம்ம ஊரில் பெரிய திரை விலகப் போகிறது" என்று எழுதிக் கொடுத்தேன். தியேட்டர் வருகிறது என்று பேச்சு கிளம்பிவிட்டது. திறப்பன்று வந்த கூட்டம் பன்னைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றது. பன் நன்றாகத்தான் இருந்தது. தப்பு என் வரியில்.

மூன்று வரி போட்டாகிவிட்டது. இப்போது கரண்ட் கனெக்‌ஷன் தள்ளிப்போகிறது. நிறுத்திவிடலாமா?

சட்டென்று நிறுத்தினால் கடை நின்றுவிட்டது என்பார்கள். நான்காம் வரியாக உண்மையையே எழுதுங்கள்: "எல்லாம் தயார், கரண்ட் மட்டும் வரணும்." பலகையை அப்படியே விட்டுவிடுங்கள். மீட்டர் மாட்டிய அன்று ஐந்தாவதை எழுதலாம். அடுத்த முறை கனெக்‌ஷன் கைக்கு வந்த பிறகே முதல் வரியை எழுதுங்கள்.