முதலில் கணக்கு, அப்புறம் வாசகம்

"அம்மா, நான் எங்கள் பள்ளிப் பெற்றோர் குழுவில் இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பெண்பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். அதைத் தடுக்கச் சுவரில் எழுத ஒரு வாசகம் கேட்டார்கள். 'படிப்பு இலவசம், மகளை அனுப்புங்கள். நாளை அவள் நாட்டை ஆள்வாள்' என்று எழுதினேன். யாரும் அசையவில்லை. ஒரு வீட்டு அம்மா, 'மாசக் கடைசியில வாங்க, கணக்குப் பார்த்துச் சொல்றேன்' என்று நழுவிவிட்டார். மனதைத் தொடுகிற மாதிரி வாசகம் ஒன்று சொல்லுங்கள்."

நழுவியது அந்த அம்மா இல்லை, நீங்கள்தான். மாதக் கடைசியில் திரும்பப் போனீர்களா? போனதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. மற்ற வீடுகளில் உங்களுக்குத் தலையாட்டி அனுப்பியிருப்பார்கள். இவர் ஒருவர்தான் தன் வீட்டுக் கணக்கையே திறந்து காட்டுகிறேன் என்று கூப்பிட்டிருக்கிறார். அதைச் சாக்கு என்று நினைத்துவிட்டீர்களே!

போயிருந்தால் என்ன பார்த்திருப்பீர்கள்? ஒன்பதாம் வகுப்புப் பள்ளி பெரும்பாலும் தூரத்தில் இருக்கும். மாதம் 22 பள்ளி நாள் என்றால் 44 பஸ் டிக்கெட். அப்புறம் நோட்டு, சீருடை, செருப்பு, தேர்வுக் கட்டணம், மாதவிடாய்க்கு நாப்கின். இதில் பாதிச் செலவு பள்ளி திறக்கும் மாதத்தில் ஒன்றாக வந்து விழும். அத்தனையும் தெரிந்த ஒரு தாயிடம் "இலவசம்" என்றால், நீங்கள் அடுத்துச் சொல்வதையும் அவர் நம்ப மாட்டார்.

ஆனால் பெரிய தொகை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதப்படாமலே இருக்கும். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதை மகள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று வையுங்கள். இவள் பள்ளிக்குப் போனால் அம்மா வாரத்தில் இரண்டு நாள் வேலையை விட வேண்டும். மாதத்துக்கு எட்டு நாள் கூலி போயிற்று. அந்த வீட்டுக்கு நீங்கள் பஸ் பாஸ் வாங்கிக் கொடுத்தாலும் பெண் வர மாட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் வருவாள்.

எந்த வீட்டுக்கு எது தடை என்பதை வருகைப் பதிவேடே ஓரளவு சொல்லும். மாதக் கடைசியில் வராத பெண்ணுக்குக் காசு இல்லை. வாரத்தில் அதே கிழமைகளில் வராதவளுக்கு வீட்டிலோ வெளியிலோ வேலை இருக்கிறது. மாதந்தோறும் சேர்ந்தாற்போல் மூன்று நான்கு நாள் காணாமல் போகிறவளுக்காகப் பள்ளிக் கழிவறையைப் போய்ப் பாருங்கள். இதெல்லாம் முதல் அடையாளம்தான். வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் உறுதியாகும். பெண் நின்றுபோவது ஒரே நாளில் நடப்பதில்லை, இந்த விடுப்புகள் மெல்லக் கூடிக்கொண்டே வரும்.

தடையைச் சரியாகப் பிடித்தால் பலன் தெரியும். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பிறகு ஆராய்ந்தபோது பெண்களின் சேர்க்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது, அதுவும் பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் அதிகம். மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய திட்டத்தில், பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் தாயின் கையில் பணம் கொடுத்தார்கள். வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறியது, நடுநிலை வகுப்புகளில் பையனைவிடப் பெண்ணுக்குக் கூடுதல். வளர்ந்த பெண்ணை வீட்டில் நிறுத்திக்கொண்டால் குடும்பத்துக்கு என்ன மிச்சம் என்று அவர்களும் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்த வீட்டில் உட்காரும்போது இன்னொன்றும் கேளுங்கள். மகன் இருந்தால் அவனுக்கு ஆகும் செலவையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பையனின் பஸ் காசை எந்த வீட்டிலும் மாதக் கடைசியில் உட்கார்ந்து யோசிப்பதில்லை. கஷ்டம் உண்மைதான், ஆனால் அதை மகள் தலையில் மட்டும் கட்டுவது பெற்றவர்கள் செய்கிற அநியாயம். தம்பியைப் பெற்றது அவள் இல்லை. இதை அப்பாவும் இருக்கும்போது, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நாடு ஆள்வதை விடுங்கள், அது அந்த அம்மாவின் இந்த மாதச் செலவுக்கு உதவாது. பஸ் காசுதான் தடை என்றால் இப்படி எழுதலாம்: "மகளைப் பள்ளிக்கு அனுப்பச் செலவு ஆகும், எங்களுக்குத் தெரியும். பஸ் காசு எங்கள் பொறுப்பு. அவளை நிறுத்தும் முன் எங்களிடம் சொல்லுங்கள்." கீழே யாரிடம், எந்தக் கிழமை சொல்ல வேண்டும் என்றும் இருக்கட்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டால் அதையும் சேர்க்கலாம். ஏற்பாடு ஆகவில்லை என்றால் அந்த வரி வேண்டாம். பஸ் காசுக்கும் குழுவில் இந்த ஆண்டு முழுவதற்கும் பணம் ஒதுக்கிவிட்டு அப்புறம் பெயிண்ட் வாங்குங்கள்.