வீட்டு முன்னறையில் சிறிய மளிகை, எழுதுபொருள் கடை: எதை வாங்கி வைப்பது?

கேள்வி: செந்தூல் அடுக்குமாடியில் தரைத்தளத்தில் இருக்கிறோம். முன்னறையில் சின்னக் கடை போட என்னென்ன சரக்கு வாங்கலாம்?

முதலில் கொஞ்சமாக வையுங்கள்: முட்டை, ரொட்டி, மெகி, சின்ன மைலோ பாக்கெட். இல்லாததை யாராவது கேட்டால் நோட்டில் குறியுங்கள். ஒரே பொருளை வெவ்வேறு வீட்டார் கேட்டால்தான் வாங்க வேண்டும். ஒருவரே பலமுறை கேட்பது கணக்கில் வராது.

முட்டை நாளுக்குப் பத்து போனால், 30 முட்டைத் தட்டு மூன்று நாளில் தீரும். வாரத்துக்கு இரண்டு தட்டு எடுத்து, குறைந்தால் இன்னொன்று வாங்கலாம். மலிவு என்று மொத்தமாக அடுக்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது.

எழுதுபொருளில் பேனாவைவிட மணிலா அட்டை, மாஜோங் தாள்தான் கை கொடுக்கும். நாளைக்குப் பள்ளிக்கு வேண்டும் என்று பிள்ளைகள் இரவு எட்டு மணிக்குத்தான் சொல்வார்கள்!

சீனி, எண்ணெய் கட்டுப்பாட்டுப் பொருள்கள். அவற்றுக்கு உள்நாட்டு வாணிப அமைச்சிலும், கடைக்கு மாநகர் மன்றத்திலும் உரிமம் பற்றி முன்பே கேட்டுவிடுங்கள்.