இரண்டு லென்ஸுக்குத் தெரியாதது ஒரு லென்ஸுக்குத் தெரிந்தது எப்படி?

கேள்வி: நுண்ணோக்கியைக் கண்டுபிடித்தவர் ஜான்சன், செல்லைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் ஹூக், நுண்ணுயிரைக் கண்டுபிடித்தவர் லீவன்ஹூக் என்று என் மகளின் புத்தகத்தில் மூன்று வரியில் முடித்துவிட்டார்கள். ஹூக்கிடம் இருந்தது ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ் வைத்த பெரிய கருவி. லீவன்ஹூக் துணி வியாபாரி, கையில் ஒரே ஒரு லென்ஸ். அவர் கண்ணுக்கு மட்டும் பாக்டீரியா தெரிந்தது என்பது நம்பும்படி இல்லையே? பின்னால் கட்டிய கதையா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: கட்டிய கதை இல்லை. ஒரே லென்ஸ் என்பதால்தான் தெரிந்தது. லென்ஸ் கூடினால் பார்வையும் கூடும் என்று நாம் எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

முதலில் ஜான்சனை முடித்துவிடுகிறேன். அவர் 1590-இல் நுண்ணோக்கி செய்தார் என்பதற்கு ஆதாரம், 1655-இல் நடந்த ஒரு விசாரணையில் அவருடைய மகன் சொன்ன சாட்சிதான். 1590-இல் ஜான்சன் சின்னப் பையன். அந்த வருடத்தைப் புத்தகங்களிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது. 1608-இல் தொலைநோக்கி வெளிப்பட்ட பிறகு, அதே லென்ஸ்களைப் பக்கத்தில் இருக்கும் பொருள் மீது திருப்பிப் பார்க்கும் யோசனை பலருக்கும் வந்தது. 1624-இல் கலிலியோ அப்படி ஒரு கருவியை ரோமில் இருந்த ஃபெடரிகோ செசிக்கு அனுப்பினார். அதற்கு அடுத்த வருடம் செசியின் அறிவியல் சங்கத்தைச் சேர்ந்த ஜியோவானி ஃபேபர் அதற்கு ‘மைக்ராஸ்கோப்’ என்று பெயர் வைத்தார். இவர்தான் கண்டுபிடித்தார் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாத விஷயம் இது.

இனி ஹூக்கின் தக்கைக்கு வருவோம். 1665-இல் லண்டனில் வெளியான ‘மைக்ரோகிராஃபியா’வில் அவர் செய்ததை விளக்கமாக எழுதியிருக்கிறார். பேனாக்கத்தியைச் சவரக்கத்தி அளவுக்குத் தீட்டி, முதலில் தக்கையின் ஒரு முகத்தை வழவழப்பாகச் சீவினார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததில் ஏதோ துளைகள் இருப்பதுபோலத் தெரிந்தது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்புறம் அந்த முகத்திலிருந்து மிக மெல்லிய ஒரு சீவலை எடுத்தார். தக்கை வெளுத்த பொருள் என்பதால் அதைக் கறுப்புத் தட்டில் வைத்து, ஒரு தடித்த லென்ஸ் வழியாக ஒளியைக் குவித்தார். தேன்கூடு மாதிரி அறை அறையாகத் தெரிந்தது. அந்த அறைகளைத்தான் ‘செல்’ என்று எழுதினார்.

எண்ணியும் பார்த்தார். ஓர் அங்குலத்தில் பதினெட்டில் ஒரு பங்கு நீளத்துக்குள் 60 அறைகள். அப்படியானால் ஓர் அங்குலத்துக்கு 1,080. நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் பெருக்கினால் ஒரு கன அங்குலத் தக்கையில் நூற்றிருபத்தைந்து கோடிக்கு மேல். தக்கை ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது, ஏன் மிதக்கிறது, அமுக்கினால் ஏன் மீண்டு வருகிறது என்பதற்கெல்லாம் அந்த மூடிய அறைகளில் அடைபட்ட காற்றுதான் காரணம் என்றார். அது சரியான விளக்கம். ஆனால் தக்கை, செத்துப்போன செல்களின் வெறும் சுவர். உயிருள்ள செடிகளை அறுத்துப் பார்த்தபோது அறைகளுக்குள் சாறு நிறைந்திருந்ததையும் அவர் குறித்திருக்கிறார். எல்லா உயிரும் செல்லால் ஆனது என்ற முடிவுக்கு வர ஜெர்மன் விஞ்ஞானிகள் ஷ்லைடனும் ஷ்வானும் எழுதிய 1838, 1839 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் சந்தேகத்துக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். ஹூக்கின் தக்கை அறை ஒன்றின் அகலம் ஓர் அங்குலத்தில் 1,080-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.023 மில்லிமீட்டர். அவருடைய கருவி சுமார் 50 மடங்கு பெரிதாக்கியது என்று வைத்தால், அறை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகத் தெரியும். தாராளமாக எண்ணலாம். ஒரு பாக்டீரியாவின் நீளம் 0.002 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதே 50 மடங்கில் அது 0.1 மில்லிமீட்டர். நம் கண் பிரித்தறியும் எல்லையே அங்கேதான் இருக்கிறது. போதாததற்கு அது நீரில் கிடக்கும் நிறமில்லாத பொருள்.

சரி, இன்னும் வலுவான லென்ஸ்களை அடுக்கினால் என்ன? அங்கேதான் சிக்கல். சாதாரணக் கண்ணாடி லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது. விளிம்பு வழியே வரும் ஒளியும் நடுவே வரும் ஒளியும்கூட ஒரே புள்ளியில் சேராது. அதனால் உருவத்தைச் சுற்றி நிறக்கரையும் மங்கலும் விழும். இரண்டாவது லென்ஸ் உருவத்தைப் பெரிதாக்கும்போது அந்த மங்கலையும் சேர்த்தே பெரிதாக்கும். துவாரத்தைச் சிறிதாக்கி விளிம்பு ஒளியை மறைத்தால் மங்கல் கொஞ்சம் குறையும், ஆனால் படம் இருண்டுவிடும். ஹூக்குடையது போல லென்ஸ்களை அடுக்கிய கூட்டு நுண்ணோக்கி இந்தக் குறையிலிருந்து மீண்டது 1830-ஐ ஒட்டி ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் லென்ஸ் இணைப்புகளைத் திருத்திய பிறகுதான். ஒற்றை லென்ஸிலும் இதே குறைகள் உண்டு. அவை ஒருமுறை வருவதோடு நின்றுவிடும் என்பதுதான் வித்தியாசம்.

டெல்ஃப்ட் நகரத்து லீவன்ஹூக்கின் கருவியைப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு பித்தளைத் தகடுகள், நடுவே ஒரு பொடி லென்ஸ், அதன் முன்னால் பொருளைக் குத்தி நிறுத்த ஓர் ஊசிமுனை, அதை நகர்த்தத் திருகுகள். அவ்வளவுதான். உட்ரெக்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒன்றின் லென்ஸுக்குக் குவியத் தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது 266 மடங்கு பெரிதாக்குகிறது. நம்முடைய 0.002 மில்லிமீட்டர் பாக்டீரியா அதில் அரை மில்லிமீட்டருக்கு மேல் தெரியும். இதில் கட்டுக்கதை எங்கே வந்தது?

அந்த வித்தை ஹூக்குக்குத் தெரியாததும் இல்லை. ‘மைக்ரோகிராஃபியா’வின் முன்னுரையிலேயே செய்முறை இருக்கிறது. தெளிந்த வெனிஸ் கண்ணாடித் துண்டை விளக்குச் சுடரில் காட்டி மயிரிழையாக இழுக்க வேண்டும். இழையின் நுனியை மறுபடி சுடரில் பிடித்தால் அது உருகிச் சுருண்டு தானே ஒரு மணியாகத் திரளும். ஒட்டியிருக்கும் இழையைச் சாணைக்கல்லில் தேய்த்து எடுத்து, மெருகேற்றி, மெல்லிய தகட்டில் குத்திய ஊசித்துளையில் மெழுகால் பதித்தால் நுண்ணோக்கி தயார். கூட்டு நுண்ணோக்கியைவிட இதில் தெளிவாகத் தெரிகிறது என்று எழுதியவரும் ஹூக்தான். பிறகு ஏன் விட்டார்? மணி மிகச் சிறியது, பொருளை அதன் மேல் படாத குறையாக நெருக்கி வைக்க வேண்டும், கண் வலிக்கிறது, பார்வை கெடுகிறது என்று அவரே காரணம் சொல்கிறார். அந்த வலியைப் பொறுத்துக்கொண்டு ஐம்பது வருடம் உட்கார்ந்தவர் லீவன்ஹூக். அவர் மணி உருக்கினாரா, தேய்த்தாரா என்பது நெடுநாள் வாதம். 2021-இல் நியூட்ரான் கதிரால் தகட்டைப் பிரிக்காமலே உள்ளே பார்த்தார்கள். உட்ரெக்ட் லென்ஸ் உருக்கித் திரட்டிய மணி.

அவர் பாக்டீரியாவைக் கண்டது மிளகு ஊறிய தண்ணீரில். மிளகு ஏன் காரமாக இருக்கிறது, அதில் நாக்கைக் குத்தும் முள் ஏதும் உண்டா என்று பார்க்கத்தான் முழு மிளகை நீரில் ஊறப்போட்டார். நீர் வற்ற வற்ற, எடுத்துவைத்திருந்த பனிநீரை ஊற்றினார். மூன்று வாரம் கழித்து, 1676 ஏப்ரல் 24 அன்று பார்த்தபோது முள்ளைக் காணோம். எண்ண முடியாத அளவுக்குச் சிற்றுயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. மிகச் சிறிய வகையை அவர் அளந்த விதம் ஹூக்கின் தக்கைக் கணக்கு போன்றதே. நூறை வரிசையாகப் படுக்க வைத்தாலும் ஒரு பெருமணலின் நீளம் வராது, ஆகவே பத்து லட்சம் சேர்ந்தாலும் ஒரு மணலின் பருமனுக்கு ஈடாகாது என்றார்.

அந்த வருடம் அக்டோபரில் இந்தச் செய்தி கடிதமாக லண்டனில் இருந்த அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்குப் போனது. உங்களுக்கு வந்த சந்தேகம் அவர்களுக்கும் வந்தது. மிகச் சிறியவற்றைப் பார்க்கும் முறையைச் சொல்ல மாட்டேன் என்று லீவன்ஹூக் பிடிவாதமாக இருந்தது சந்தேகத்தைக் கூட்டியது. இதில் அவர் மேல் எனக்கு வருத்தம்தான். போதகர்கள் உட்பட எட்டுப் பேரை வீட்டுக்கு அழைத்துக் காட்டி, சாட்சிக் கையெழுத்து வாங்கி அனுப்பினார். சொசைட்டி அதோடு நிற்கவில்லை. செடிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்த நெஹமையா க்ரூ முயன்றார், தெரியவில்லை. பொறுப்பு ஹூக்கிடம் வந்தது. 1677 நவம்பர் 1-ஆம் தேதி கூட்டத்தில் தோல்வி. 8-ஆம் தேதியும் தோல்வி. மழைநீரில் முழு மிளகைப் போட்டு ஒன்பது பத்து நாள் ஊறவிட்டார், கருவியைத் திருத்தினார், நீரை மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயில் ஏற்றிப் பிடித்தார். 15-ஆம் தேதி தெரிந்தது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் உட்படக் கூடியிருந்தவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். ஊறும் நாள் குறைந்தால் உயிர்கள் பெருகியிருக்காது, நீர்த்துளி தடித்தால் குவியம் பிடிபடாது. முதல் தோல்விகளைப் புரிந்துகொள்ள இந்த இரண்டும் போதும்.

அசைவது எல்லாம் உயிரா என்று அடுத்து கேட்பீர்கள். லீவன்ஹூக்கும் அதை யோசித்தார். 1683-இல் தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளை அழுக்கைச் சுரண்டி, சுத்தமான மழைநீரில் கலந்து பார்த்தார். சில ஈட்டிபோலப் பாய்ந்தன, சில பம்பரமாகச் சுழன்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். நீரோட்டத்தில் தூசி மிதந்தால் எல்லாம் ஒரே பக்கம்தான் போகும். அதே கலவையில் காடி சேர்த்தபோது அசைவு நின்றது. தூசியாக இருந்தால் காடிக்கு அடங்காது.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால், 1981-இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் பிரையன் ஃபோர்டு ராயல் சொசைட்டி ஆவணங்களில் கண்டெடுத்ததைச் சொல்கிறேன். லீவன்ஹூக்கின் 1674-ஆம் வருடக் கடிதத்தோடு சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள் இருந்தன. உள்ளே அவர் கையால் சீவிய தக்கைத் துண்டும் வேறு மாதிரிகளும் முந்நூறு வருடம் கழித்தும் அப்படியே இருந்தன. ஃபோர்டு அந்த மாதிரிகளை உட்ரெக்டின் ஒற்றை லென்ஸ் வழியாகவே பார்த்துப் படமும் எடுத்தார். அந்த லென்ஸ் எவ்வளவு காட்டும் என்று இன்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.